பதினோரு பரோட்டாவும் பதினான்கு கணக்கும்

பிரானூர் பார்டரில் வேனை விட்டு இறங்கும்போதே சால்னா வாசம் வந்து கையைப் பிடித்து இழுக்கும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த எல்லை அழிந்து எழுபது ஆண்டு ஆகப்போகிறது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டு, பிறகு பரோட்டாவோடும் கோழியோடும் ஒட்டிக்கொண்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு பார்டரில் சாப்பிடாமல் ஊர் திரும்பினால், "பின்ன எதுக்குப் போன?" என்று கேட்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

போன ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு, மதுரையிலிருந்து வேன் பிடித்துப் போன நாங்கள் ஆறு பேர் அந்தப் பக்கத்தில் ஒரு கடையில் சாப்பிட்டோம். நான், மனைவி, மகன், சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள். சாப்பாடு சரியில்லை. விடுதிக்குத் திரும்பியதும், குற்றாலம் கிளம்பத் தயாராக இருந்த நண்பர்களுக்கும் என் பத்திக்கும் சேர்த்து ஒரு குறிப்பு எழுதினேன். அதை இப்போது எடுத்துப் பார்த்தால் கை கூசுகிறது. இப்படி இருந்தது அது:

"ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். நேற்றைய கோழியைச் சூடு பண்ணிக் கொடுத்தார்கள், வாயில் வைக்க முடியவில்லை. எண்ணெய் பல நாள் எண்ணெய். சொன்னால் மதிக்கவே இல்லை. 11 பரோட்டா சாப்பிட்டோம், 14-க்குக் காசு பிடுங்கினார்கள். தண்ணீர் பாட்டிலிலும் கொள்ளை. சீசனில் வெளியூர்க்காரர்களை ஏமாற்றுவதே இவர்கள் தொழில்."

மறுநாள் மகனுக்கு வாந்தி வந்ததும் இன்னொரு வரி சேர்ந்தது: "பையன் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிட்டது."

அனுப்பும் முன் மனைவி படித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாயில் வைக்க முடியலேன்னு எழுதியிருக்கீங்க. தட்டு ரெண்டும் காலியாத்தானே போச்சு?"

பெல்ஃபாஸ்ட் நகரத்து வழக்கு ஒன்று அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. 2000 ஆகஸ்டில் 'ஐரிஷ் நியூஸ்' நாளிதழில் 'குட்ஃபெல்லாஸ்' என்ற பீட்சாக் கடையைப் பற்றி ஒரு விமர்சனம் வந்தது. கோலாவில் கேஸ் இல்லை, ஊழியர்களின் கவனிப்பு சரியில்லை, சிக்கன் மார்சாலா தின்ன முடியாத அளவுக்கு இனிப்பு என்று எழுதியிருந்தார் விமர்சகர். கடைக்காரர் வழக்குப் போட்டார். 2007-ல் ஜூரி அவருக்கு 25,000 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எது நடந்த சம்பவம், எது விமர்சகரின் அபிப்பிராயம் என்று பிரித்துப் பார்க்கும் வழியை ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை என்பதுதான் காரணம்.

இந்த வேறுபாடு வக்கீல்களுக்கு மட்டும் உரியதல்ல. 'தின்ன முடியாத இனிப்பு' என்றால், அது ஒருவருடைய நாக்கின் தீர்ப்பு. இன்னொரு நாக்கு வேறு தீர்ப்பு சொல்லலாம், படிப்பவருக்கும் அது தெரியும். 'கோலாவில் கேஸ் இல்லை' என்பது அப்படியல்ல. இருந்தது அல்லது இல்லை. முதலாவதைச் சொல்ல உரிமை வேண்டும். இரண்டாவதைச் சொல்ல அது உண்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால் படிப்பவருக்கும் குழப்பம், நமக்கும் ஆபத்து. 'நேற்றைய கோழி, வாயில் வைக்க முடியவில்லை' என்று நான் குழைத்தது போல.

நம் ஊர்ச் சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356-ஆவது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று நாம் அறிந்ததுதான் அது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை என்பது புதிதாகச் சேர்ந்த தண்டனை. கடை என்பது கட்டடம்தானே, அதற்கேது மானம் என்று நினைக்க வேண்டாம். நிறுவனத்தைப் பற்றிச் சொன்னாலும் அவதூறுதான் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. கிண்டலாகச் சொன்னேன் என்று தப்பிக்கவும் முடியாது. எள்ளல் தொனியில் சொல்லும் பழியும் பழியே.

அதே பிரிவில் நமக்கான கதவுகளும் இருக்கின்றன. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கு விலக்கு உண்டு. மற்றவர்களின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரிப்பதற்கும் உண்டு. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வதற்கும் உண்டு. இதில் 'நல்லெண்ணம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்றால் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்டத்தின் அகராதியில், தகுந்த கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. விசாரித்தாயா, சரிபார்த்தாயா என்பதுதான் அங்கே கேள்வி.

நான் எதையும் சரிபார்த்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வரியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஒரு மணி நேரம். கடை போர்டுக்கு முன்னால் சித்தப்பா மகள் எடுத்த படத்தில் மணி 8.14. இலை போட்டதும் மகன் எடுத்த படத்தில் 8.31. பரோட்டா வந்ததும் எடுத்த படத்தில் 8.52. ஆகவே உட்கார இடம் கிடைக்க 17 நிமிடம், உட்கார்ந்தபின் 21 நிமிடம், மொத்தம் 38. பசியில் அது ஒரு மணி நேரமாகத் தெரிந்திருக்கிறது. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை இரவு பார்டரில் எந்தக் கடையிலும் கூட்டம் பிதுங்கும் என்பதும் தெரிந்ததே. செவ்வாய்க்கிழமை மதியம் 38 நிமிடம் என்றால் அது வேறு கதை. கிழமையும் மணியும் இல்லாமல் 'காக்க வைத்தார்கள்' என்று எழுதினால் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது கோழி. எனக்கு நேரடியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு தட்டு பெப்பர் சிக்கனில் ஒன்று ஆறிப்போயிருந்தது, ஒரு துண்டில் எலும்பை ஒட்டிய சதை இளஞ்சிவப்பாக இருந்தது. 'நேற்றையது' என்பது அடுப்படியை எட்டியும் பார்க்காத என்னுடைய ஊகம். கொஞ்ச நேரம் முன்பு சமைத்து வைத்த தட்டும் ஆறும். இளஞ்சிவப்பும் வேகாததற்கு உறுதியான அடையாளமல்ல. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து, நன்றாக வெந்த கறியிலும் எலும்பைச் சுற்றிச் சிவப்பு தெரியும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதா என்று வெப்பமானியை வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் வெப்பமானி இருக்காது, கண்தான் இருக்கும். கண் பார்த்ததை எழுதலாம்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு அந்த ஆதாரமும் இல்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் 'போலார் காம்பவுண்ட்' அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. மிளகும் மசாலாவும் கலந்த கோழியின் கறுப்பைப் பார்த்து எண்ணெயின் வயதைச் சொல்லக் கூடியவர் யாருமில்லை. அந்த வரியை அப்படியே அடித்தேன்.

'மதிக்கவே இல்லை' என்று எழுதியிருந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் யோசித்துப் பார்த்தேன். இலை போட்ட தம்பியிடம் "கோழி ஆறிப்போச்சுப்பா" என்றேன். "சரிங்க சார்" என்று போனவர் திரும்பி வரவில்லை. நான் இரண்டாவது முறை சொல்லவில்லை, கல்லாவில் இருந்தவரிடமும் சொல்லவில்லை. ஒரு முறை சொன்னோம், மாற்றிக் கிடைக்கவில்லை. எழுத முடிந்தது அவ்வளவே.

தண்ணீர் பாட்டிலில் எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. பாட்டிலில் அச்சிட்ட விலை 20 ரூபாய், பில்லில் 30. இதைவிடத் தெளிவான கொள்ளை உண்டா என்றுதான் நினைத்தேன். ஆனால் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் இதே கேள்வியை எடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஓட்டலில் உட்கார வைத்து, மேசைக்குக் கொண்டுவந்து கொடுப்பது வெறும் விற்பனை ஆகாது, அதில் சேவையும் கலந்திருக்கிறது. ஆகவே பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதற்காக ஓட்டல்மீது சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியாது என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. குற்றாலம் வரும் சாதாரணக் குடும்பத்துக்கு நான்கு பாட்டிலில் 40 ரூபாய் கூடுதல் என்பது சின்னத் தொகையல்ல. ஆனாலும் சட்டம் அனுமதிப்பதைச் செய்தவரைக் கொள்ளைக்காரர் என்று எழுத முடியாது. '20 ரூபாய் பாட்டிலுக்கு 30 ரூபாய்' என்று எழுதினாலே வருகிறவர் கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார்.

மகனின் வாந்திதான் கஷ்டமான இடம். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் யாருக்கும் நிதானம் தங்காது. ஞாயிறு இரவு சுமார் 9 மணிக்குச் சாப்பிட்டான், திங்கள் காலை 11 மணிக்கு வாந்தி. இடையில் 14 மணி நேரம். கடைசியாகச் சாப்பிட்ட கடைமீது பழி போடுவதுதான் நம் எல்லோர் வழக்கமும். ஆனால் கிருமிகளுக்கு வெவ்வேறு கால அளவு. ஸ்டாஃபைலோகாக்கஸ் நச்சு என்றால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். பெருமளவில் சமைத்து ஆற வைத்த கறியில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 6 முதல் 24 மணி நேரத்தில் வேலையைக் காட்டும்; ஆனால் அதில் வயிற்றுவலியும் பேதியும்தான் முக்கியம், வாந்தி குறைவு. சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், ஆறு நாள் கழித்தும் வரும். அப்படியானால் முந்தின வியாழக்கிழமை மதுரையில் தின்ற முட்டையையும் விசாரிக்க வேண்டும்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஐந்தருவியில் நின்றவன் அருவித் தண்ணீரை வாய் நிறைய விழுங்கினான். வெளியே வந்து நறுக்கிய அன்னாசி தின்றான். அதே கோழியைத் தின்ற மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தென்காசி டாக்டர் ஓ.ஆர்.எஸ். கொடுத்து, மாலைக்குள் சரியாகிவிடும் என்றார், அப்படியே ஆனது. 'ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிட்டது' என்று நான் எழுதியதைப் படிப்பவர், பையனைப் படுக்கையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றியதாக நினைப்பார். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தாலும் வரி பொய் பேசிவிடும் என்பதை அங்கேதான் கண்டேன்.

சந்தேகமே வந்தால் என்ன செய்வது? சேர்ந்து சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி அறிகுறி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால் அது கனமான சந்தேகம். டாக்டர் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் உடனே சொல்ல வேண்டும். பில்லில் கடையின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. புகாருக்கு அந்த எண் உதவும். அவர்கள் போய் மாதிரி எடுக்கலாம், சமையலறையைப் பார்க்கலாம். நம்மால் முடியாதது அது. சந்தேகத்தைச் சொல்ல இடம் அதுதான், ஊருக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது பார்த்ததும் தின்றதும் மட்டுமே.

அப்படியானால் கடைப் பெயரைச் சொல்லாமல் எழுதிவிடலாமே என்றார் சித்தப்பா. "பார்டர்ல எறங்குனதும் எந்தக் கை, என்ன கலர் போர்டுன்னு மட்டும் போட்டா தெரிஞ்சவனுக்குத் தெரியும்ப்பா." இது இன்னும் மோசம். அந்தச் சாலையில் பெயரில் ஒரு சொல் மட்டும் மாறும் கடைகள் உண்டு, போர்டு நிறமும் ஒன்றைப் போலவே இருக்கும். நான் சொல்லாத பழி பக்கத்துக் கடைக்காரர் தலையில் விழும்.

இதற்கும் நம் சீமையிலேயே ஒரு முன்கதை இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பில் உள்ள சென்னை உயர் நீதிமன்ற வழக்கு அது. இலங்கைக்கு ஊதுபத்தி ஏற்றுமதி செய்பவர் ஒருவர் கடத்தலில் கைதானார் என்று ஒரு தமிழ் நாளிதழ் செய்தி போட்டது. அதே ஊதுபத்தி ஏற்றுமதியில் இருந்த திருநெல்வேலி வியாபாரி ஒருவரைத்தான் அந்தச் செய்தி சொல்கிறது என்று தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கும் அந்தக் கைதுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வழக்குப் போட்டார். அவரைக் குறிவைத்து எழுதவில்லை என்று ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றம், எண்ணமே இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற ஆங்கிலேயச் சட்டத்தின் கடுமையான விதியை இங்கே பொருத்த மறுத்தது. பத்திரிகை தப்பியது. அந்த வியாபாரி ஊருக்குள் பட்ட அவமானத்துக்கு மட்டும் யாரும் ஈடு கட்டவில்லை.

பெயரைச் சொல்வதானால் சரியான பெயரை, பில்லில் அச்சிட்டபடி சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடையாளமே இல்லாமல் எழுத வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அந்தக் கடை எந்தப் பக்கம் என்றுகூட நான் சொல்லவில்லை.

இத்தனை வரியும் இப்படிச் சுருங்கியபோது எனக்குத் தெம்பாக இருந்தது ஒரே ஒரு விஷயம்: பில். கையில் காகிதம் இருந்தது. பரோட்டா 14 என்று அச்சாகியிருந்தது. நாங்கள் தின்றது 11. சித்தி இரண்டு முறை எண்ணிச் சொன்னார். 'ஏமாற்றினார்கள்' என்பதை 'மூன்று பரோட்டா கூடுதலாக பில்லில் ஏறியிருந்தது' என்று மட்டும் மாற்றினேன். ஏமாற்றினார் என்றால் அவர் மனசில் இருந்ததை நான் பார்த்ததாக ஆகும். கணக்கு தவறு என்றால் காகிதமே சாட்சி. இந்த வரி எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் என்று நம்பினேன்.

பத்தி அச்சுக்குப் போகும் முன், பில்லில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். கடைக்காரரே எடுத்தார். நான் யார், எதற்காகக் கேட்கிறேன் என்று சொன்னதும் அவர் குரல் இறுகியது. கோழி ஆறியிருந்ததைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு அடுப்புல ரெண்டு ஆள் வரல அண்ணாச்சி. ஆறிப்போச்சுன்னா ஆறிப்போச்சுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பழசுன்னு மட்டும் எழுதிராதீய" என்றார். பழசு என்று நான் ஒருமுறை எழுதியிருந்தது அவருக்குத் தெரியாது.

பிறகு பரோட்டாக் கணக்குக்கு வந்தோம். பில் எண்ணைக் கேட்டார். ஏட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, வேன்ல வந்தீயளா?"

"ஆமா."

"உங்க டிரைவர் தம்பி பின்னால உக்காந்து மூணு பரோட்டா சாப்ட்டாருல்லா. உங்க கணக்குல எழுதச் சொன்னதா போட்டிருக்கு."

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஆமாப்பா. கை கழுவப் போறப்ப பார்த்தேன், பாவம் தனியா நின்னாரு. நீங்களும் சாப்பிடுங்க, எங்க கணக்குல போடச் சொல்லுங்கன்னேன். மறந்தே போச்சு."

முதலில் எழுதியபடி அனுப்பியிருந்தால், ஏமாற்றுவதே தொழில் என்று அந்த மனிதரைப் பற்றி எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். குற்றாலத்துச் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம். ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கை அந்தக் கடைகள் அந்த நாட்களில்தான் பார்க்கின்றன.

அதற்காகக் குறையை விழுங்கிவிடவும் இல்லை. ஆறிய கோழிக்கு முழுக் காசு கொடுத்தோம், ஈரத்தில் நின்று கை கழுவினோம். அடுத்துப் போகிறவருக்கு இது தெரிய வேண்டும். கடைசியாக நண்பர்களுக்குக் கடைப் பெயரோடு அனுப்பிய குறிப்பு இது:

"ஆடி மாத ஞாயிறு இரவு 8.14-க்குப் போனோம், பெரியவர் சிறியவர் ஆறு பேர். இடம் கிடைக்க 17 நிமிடம், பிறகு பரோட்டா வர 21 நிமிடம். பரோட்டா சூடாக, மெத்தென்று இருந்தது. சால்னாவை எல்லோரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினோம். பெப்பர் சிக்கன் இரண்டு தட்டில் ஒன்று ஆறிப்போயிருந்தது. பரிமாறியவரிடம் ஒரு முறை சொன்னோம், மாற்றிக் கிடைக்கவில்லை. காரம் என் நாக்குக்கு அதிகம், சித்தப்பாவுக்குச் சரியாக இருந்தது. கை கழுவும் இடத்தில் செருப்பு நனையும் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. 20 ரூபாய் அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு 30 ரூபாய். அன்று அடுப்பில் இரண்டு பேர் வரவில்லை என்று கடைக்காரர் சொன்னார்."